விழிக்கும்போது 0-வா, 1-ஆ?

1999 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் நாசா ‘வைர்’ என்ற சிறு விண்தொலைநோக்கியை ஏவியது. அது அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்கும் கருவி. அதன் உடம்பில் கொஞ்சம் சூடு இருந்தாலும் அந்தச் சூடே கண்ணை மறைத்துவிடும். அதனால் அதைச் சுற்றி உறைந்த ஹைட்ரஜனை வைத்து மூடியிருந்தார்கள். நான்கு மாத வேலைக்கு அந்தக் குளிர் போதும் என்பது கணக்கு. விண்வெளியில் கலம் தன் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு, சிறு வெடிகளை வெடிக்கச் செய்து தொலைநோக்கியின் மூடியைக் கழற்ற வேண்டும்.

வெடிகளை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கொடுத்த மாத்திரத்தில் மூடி கழன்று போய்விட்டது. வெடிக்கச் சொல்லி யாரும் கட்டளை அனுப்பவில்லை. மூடியில்லாத தொலைநோக்கிக்குள் பூமியின் வெப்பமும் சூரியனின் வெப்பமும் இறங்கின. ஹைட்ரஜன் ஆவியாகிப் பீறிட்ட வேகத்தில் கலம் நிமிடத்துக்கு 60 சுற்று வரை சுழன்றது. ஏறக்குறைய ஒன்றரை நாளில் ஹைட்ரஜன் முழுவதும் தீர்ந்தது. எந்த வேலைக்காக ஏவினார்களோ அந்த வேலை தொடங்கும் முன்பே முடிந்துபோனது.

விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சிறியது. பெட்டிக்குள் இருந்த எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் ரீசெட் இருந்தது. ஆனால் அது கிளாக் துடித்தால்தான் வேலை செய்யும். கிளாக்கைத் தரும் கிரிஸ்டல் ஆஸிலேட்டருக்கோ மின்சாரம் வந்த பிறகு துடிக்கத் தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சற்று நேரத்தில் சிப் என்ன சொல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அது ‘வெடி’ என்று சொல்லிவிட்டது.

மின்சாரம் வந்த முதல் கணத்தில் ஒரு சிப் எந்த நிலையில் விழிக்கிறது? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. நம் கணினியில் ஓடும் சிமுலேஷன் இதற்குத் தரும் பதிலை அப்படியே நம்பவும் முடியாது.

ஃப்ளிப்-ஃப்ளாப் என்பது ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சர்க்யூட். அதன் உள்ளே இரண்டு இன்வெர்ட்டர்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடு. ஒன்று 1 என்றால் மற்றது 0. மின்சாரம் இருக்கும்வரை ஒன்றையொன்று பிடித்து அந்த நிலையிலேயே வைத்திருக்கும். மின்சாரம் மெல்ல ஏறும் தருணத்தில் மட்டும் இரண்டும் நடுவில் நிற்கின்றன. கூரை முகட்டில் வைத்த கோலிக்குண்டைப் போல, எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல முடியாது. இரண்டு இன்வெர்ட்டர்களையும் ஒரே அளவில் வரைந்திருந்தாலும், சிலிக்கனுக்குள் கலந்த அணுக்களின் எண்ணிக்கை இரண்டிலும் அச்சாக ஒன்றாக இருக்காது. அந்தச் சிறு வேறுபாடும், அந்த நேரத்து மின் இரைச்சலும், மின்னழுத்தம் ஏறும் வேகமும் சேர்ந்து குண்டை ஒரு பக்கம் தள்ளிவிடுகின்றன.

பலரும் இதை ஒவ்வொரு முறையும் சுண்டிப் போடும் நாணயம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் பிறவியிலேயே ஒரு சாய்வு உண்டு. சாய்வு அதிகமாக இருந்தால் நூறு முறை ஆன் செய்தாலும் அது ஏறக்குறைய நூறு முறையும் ஒரே பக்கம்தான் விழும். எஸ்ரேம் நினைவகத்தின் செல்லும் இதே எதிர் இன்வெர்ட்டர் அமைப்புதான். விழிக்கும்போது அதில் தெரியும் பிட்டுகளின் கோலத்தை அந்தச் சிப்பின் கைரேகையாகவே பயன்படுத்தலாம் என்று 2007-இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான், என் மேஜையில் இருக்கும் போர்டு ஐம்பது முறை ஒழுங்காக எழுந்தது என்பது பெரிய சான்று ஆகாது. பக்கத்து மேஜையில் இருக்கும் அதே மாதிரி போர்டு ஒவ்வொரு முறையும் உறைந்து நிற்கலாம். இன்னொன்றும் உண்டு. உடனே அணைத்து உடனே போட்டால், மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரத்தால் பழைய பிட் அப்படியே தங்கிவிடலாம். சோதனை செய்கிறவர் அவசரத்தில் அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தால், நெடுநேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த கருவி எப்படி விழிக்கும் என்பதைப் பார்க்கவே மாட்டார்.

இனி சிமுலேஷனுக்கு வருவோம். சிப் வடிவமைப்பவர்கள் சர்க்யூட்டை வெரிலாக் என்ற மொழியில் எழுதி, செய்யும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த மொழியில் ஒரு பிட்டுக்கு 0, 1 தவிர `x` என்ற மதிப்பும் உண்டு. ‘இது என்னவென்று எனக்குத் தெரியாது’ என்பது அதன் பொருள். மதிப்பு கொடுக்கப்படாத ஃப்ளிப்-ஃப்ளாப் `x`-இல்தான் தொடங்கும். இதுவரை எல்லாம் நேர்மையாகவே இருக்கிறது. அடுத்த படியில்தான் கோணல்.

ஒரு சின்ன சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். `start` வந்தால் ஒரு வேலை தொடங்கும். வேலை முடிந்தால் `done` வரும். இடையில் ‘வேலையில் இருக்கிறேன்’ என்று சொல்ல `busy` என்ற ஒரு பிட். ரீசெட் இல்லை. கிளாக்கின் ஒவ்வொரு துடிப்பிலும் நடக்க வேண்டியதை இப்படி எழுதலாம்:

```verilog
if (busy)  busy <= ~done;
else       busy <= start;
```

இதையே தலைகீழாகவும் எழுதலாம்:

```verilog
if (!busy) busy <= start;
else       busy <= ~done;
```

ஒரே வரியிலும் எழுதலாம்:

```verilog
busy <= busy ? ~done : start;
```

மூன்றுக்கும் சிப்பில் வரும் சர்க்யூட் ஒன்றேதான். `start`, `done` இரண்டும் 0 ஆக இருக்கும்போது, `busy` `x`-இல் இருந்து தொடங்கி ஒரே ஒரு கிளாக் ஓட்டிப் பாருங்கள். முதல் வடிவம் `busy` 0 என்கிறது. இரண்டாவது 1 என்கிறது. மூன்றாவது `x` என்கிறது. முதன்முதலில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டியபோது, நான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். தவறு எதுவும் இல்லை. மொழியின் விதியே அப்படித்தான். `if`-இன் நிபந்தனை `x` ஆக இருந்தால் அதைப் பொய் என்று வைத்துக்கொண்டு `else` பக்கம் போ என்பது விதி. `!busy` என்பதும் `x`-தான், அதுவும் `else`-க்கே போகும். கேள்விக்குறி போட்ட மூன்றாவது வடிவம் மட்டும் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டு, விடைகள் ஒத்துப்போகாததால் ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்கிறது.

நிஜ சிப்பில் என்ன ஆகும்? `busy` 0-வில் விழித்தால் எல்லாம் சரி. 1-இல் விழித்தால், அது `done`-க்காகக் காத்திருக்கும். வேலையே தொடங்காதபோது `done` எங்கிருந்து வரும்? ஒவ்வொரு துடிப்பிலும் `~done` 1 என்பதால் `busy` 1-இலேயே நிற்கும். அதன் பிறகு எத்தனை முறை `start` கொடுத்தாலும் அதன் காதில் விழாது. கருவி உயிரோடு இருக்கும், ஆனால் பேசாது. முதல் வடிவத்தில் எழுதியவருக்கு இந்தக் கோளாறு சிமுலேஷனில் ஒரு நாளும் தெரியாது. தெரியாத ஒன்றை அது முதல் துடிப்பிலேயே தெரிந்த 0 ஆக மாற்றிவிட்டது.

கேட்டுகளாக மாற்றிய பிறகு மறுபடி சிமுலேஷன் ஓட்டினால் `x` வெளியே வரும். ஆனால் அந்த ஓட்டம் மிக மெதுவானது, வேலை முடியும் தறுவாயில்தான் நடக்கும். அங்கே எதிர்த் திசைத் தவறும் உண்டு. கிளாக்குக்குக் கிளாக் மாறிமாறி அடிக்கும் `q <= ~q` என்ற சர்க்யூட் எங்கே தொடங்கினாலும் ஒழுங்காக ஓடும். சிமுலேஷனிலோ `x`-இன் எதிர் `x` என்பதால் அது கடைசிவரை `x`-ஆகவே கிடக்கும். இப்படி வீண் எச்சரிக்கைகள் குவியும்போது, எல்லா ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் தொடக்கத்தில் 0 என்று திணித்துவிட்டு மேலே போகும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்த நொடியில் கேள்வியே அழிந்துபோகிறது.

`reg busy = 0;` என்று எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பல எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகளில் போதும். அவற்றுக்குள் வடிவமைப்பு ஏற்றப்படும்போதே ஃப்ளிப்-ஃப்ளாப்பின் தொடக்க மதிப்பும் சேர்ந்து ஏறுகிறது. ஆனால் ஒரே வேலைக்கென்று வார்க்கும் ஏசிக் சிப்பில் அந்த 0-வுக்கு எந்தக் கம்பியும் கிடையாது, அந்த வரி காற்றில் போய்விடும். எஃப்.பி.ஜி.ஏ.-விலேயே கூட, ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்தினால் அந்தத் தொடக்க மதிப்பு திரும்பி வராது. `busy` 1 ஆக இருந்த நேரத்தில் அழுத்தினால், மற்றவை எல்லாம் புதிதாகத் தொடங்கும், இது மட்டும் பழைய வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ரீசெட்டை வெளிப்படையாக எழுத வேண்டும்:

```verilog
always @(posedge clk or negedge rst_n)
  if (!rst_n)     busy <= 1'b0;
  else if (busy)  busy <= ~done;
  else            busy <= start;
```

முதல் வரியில் `negedge rst_n` இருப்பதைக் கவனியுங்கள். கிளாக் துடிக்காவிட்டாலும் ரீசெட் விழும் என்பது அதன் பொருள். வைர் கலத்தின் பெட்டியில் இல்லாதது இதுதான். ஆனால் ரீசெட்டை விடுவிக்கும்போது மட்டும் கிளாக்கோடு ஒட்டியே விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் சில ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் ஒரு துடிப்பு முன்னதாகவும் சில பின்னதாகவும் எழுந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிலையில் தொடங்கும். இதற்கு இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்பைத் தொடராக வைத்து ரீசெட் கம்பியை அவற்றின் வழியே விடுவது வழக்கம்.

எல்லா ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் ரீசெட் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெறும் தரவைச் சுமந்து போகும் 32 பிட்டுக்குப் பக்கத்தில் ‘இது செல்லும்’ என்று சொல்லும் ஒரு பிட் இருந்தால், அந்த ஒன்றுக்கு ரீசெட் கொடுத்தால் போதும். அந்த 32-இலும் என்ன குப்பை இருந்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை. இடமும் கம்பியும் மிச்சம். முடிவெடுக்கும் பிட்டுகளையும், வெளியே எதையாவது இயக்கும் பிட்டுகளையும் மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. `Verilator` என்ற இலவசக் கருவிக்கு `x` என்ற மதிப்பு பெரும்பாலும் கிடையாது. சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் 0-வில் தொடங்கிவிடும். ஓட்டும்போது `+verilator+rand+reset+2` என்று கொடுத்தால் ஒவ்வொரு பிட்டும் 0-விலோ 1-லோ தற்செயலாக விழிக்கும். `+verilator+seed+` என்பதோடு வெவ்வேறு எண்களைக் கொடுத்து இருபது முறை ஓட்டுங்கள். மேலே சொன்ன ரீசெட் இல்லாத `busy` அவற்றில் சில முறை உறைந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு சோதனையை நான் தவறாமல் செய்கிறேன். இதற்கு `x` தெரியும் சிமுலேட்டர் வேண்டும், `iverilog` போதும். கிளாக்கை ஓடவிடாமல் 0-விலேயே நிறுத்தி, ரீசெட்டை மட்டும் கொடுத்து, வெளியே போகும் ஒவ்வொரு கம்பியையும் பார்ப்பேன். வால்வைத் திறப்பது, மோட்டாரைச் சுற்றுவது, வெடியைப் பற்றவைப்பது என்று எதை இயக்கும் கம்பியாக இருந்தாலும், முதல் துடிப்பு வரும் முன்பே அதில் 0 தெரிய வேண்டும். `x` தெரிந்தால் அந்த ரீசெட் கிளாக்குக்காகக் காத்திருக்கிறது.