கரகரக்கும் ஃபேன்: எண்ணெய் விடும் முன் காது கொடுங்கள்

மின்விசிறி கரகரவென்று சத்தம் போடத் தொடங்கினால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸ்டூல் போட்டு ஏறி மேலிருந்து தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடுவார்கள். இல்லையென்றால் "கண்டன்சர் போயிருக்கும்" என்று அதை மாற்றுவார்கள். இரண்டுக்கும் முன்னால் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சுவிட்சை அணைத்ததும் மின்சாரம் நின்றுவிடும். றெக்கை மட்டும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அணைத்த நொடியிலேயே சத்தமும் நின்றால் அது மின்சாரத்தால் வந்த சத்தம். அணைத்த பிறகும் கரகரப்பு தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் மெல்ல அடங்கினால், உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. அது பேரிங்.

மின்சாரத்தால் வரும் சத்தம் கரகரப்பாக இருக்காது, 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் காயிலின் காந்த இழுப்பு இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். ஆகவே மோட்டாரின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. லேசாக இது எல்லா ஃபேனிலும் உண்டு. ரெகுலேட்டரை இரண்டிலோ மூன்றிலோ வைக்கும்போது மட்டும் ரீங்காரம் கூடி, முழு வேகத்தில் அடங்கிவிட்டால் சந்தேகப்பட வேண்டியது ரெகுலேட்டரை. ஃபேன் வேகம் குறைந்து, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதில் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும். என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில்தான் புதியதும் வாங்க வேண்டும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பேரிங் மிகவும் தேய்ந்துவிட்டால், சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மின்சாரம் இருக்கும்போது காந்தம் இழுத்து இரண்டும் உரசும். அணைத்ததும் விலகிக்கொள்ளும், சத்தமும் உடனே நின்றுவிடும். ஆகவே மெயினை அணைத்துவிட்டு, நின்றிருக்கும் ஃபேனின் மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கியும் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். உள்ளே 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால், சுவிட்ச் சோதனை என்ன சொன்னாலும் குறை பேரிங்கில்தான்.

சீலிங் ஃபேனின் நடுத்தண்டு சுற்றுவதில்லை என்பது பலருக்கும் தெரியாது. தண்டும் அதைச் சுற்றியுள்ள காயிலும் அசையாமல் நிற்க, வெளி உறைதான் றெக்கைகளோடு சுற்றுகிறது. உறையைத் தண்டின் மேல் தாங்கி நிற்பவை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள். பெரும்பாலான ஃபேன்களில் 6202 என்ற எண் கொண்டவை; சிலவற்றில் ஒன்று 6201 ஆக இருக்கும். 6202-இன் உள்துளை 15 மில்லிமீட்டர், வெளிவட்டம் 35 மில்லிமீட்டர். 6201 கொஞ்சம் சிறியது, உள்துளை 12, வெளிவட்டம் 32. இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள், குண்டுகளைச் சுற்றிக் கிரீஸ்.

கிரீஸ் என்பது பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதுபோல, ஒரு வகைச் சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது. வருடக்கணக்கில் மோட்டாரின் சூட்டில் எண்ணெய் கசிந்து போய்விட, சோப்பு மட்டும் பழுப்பாகக் காய்ந்து மிஞ்சும். அப்போது குண்டு நேரடியாக வளையத்தில் தேய்ந்து, ஓடும் பாதையில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குழிகள் விழும். கரகரப்பு என்பது அந்தக் குழிகளில் குண்டுகள் ஏறி இறங்கும் சத்தம். குழி விழுந்த பிறகு எந்த எண்ணெயும் எந்தக் கிரீஸும் அதை நிரப்பாது.

அப்படியானால் எண்ணெய் விட்டதும் சத்தம் குறைகிறதே? கொஞ்சம் எண்ணெய் உள்ளே போய் இரண்டு நாளைக்கு உரசலை மட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனால் இன்றைய பேரிங்குகளின் இரு பக்கமும் தகட்டாலோ ரப்பராலோ மூடியிருக்கும். விட்ட எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போகாமல் வழிந்து காயிலின் மேல் இறங்கி, தூசியைப் பிடித்துக்கொண்டு படியும். உள்ளே புகுந்த கொஞ்சமும் மிச்சமிருந்த கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போவதால் அது எல்லாவற்றிலும் மோசம். பழைய ஃபேன்கள் சிலவற்றில் எண்ணெய் விடுவதற்கென்றே இடம் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் தேவையில்லாத ஃபேன்களிலும் தொடர்கிறது.

தூத்துக்குடியில் என் பெரியம்மா வீட்டு ஹால் ஃபேனுக்கு நடந்தது இதுதான். "எண்ணெய் விட்டா நின்னுருது, ரெண்டு நாள்ல திரும்பவும் கரகரங்குது" என்றார். கண்டன்சரும் மாற்றியாயிற்று; வேகம் கூடியது, சத்தம் போகவில்லை. ஃபேனைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் முதலில் செய்தது றெக்கைகளிலும் அவை பொருந்தும் இடங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்தது. மாற்றிப் பூட்டினால் ஃபேன் ஆடும், ஆட்டம் புதுப் பேரிங்கையும் சீக்கிரம் கெடுக்கும். மேல் மூடி, கீழ் மூடி இரண்டின் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டுத்தான் திருகாணிகளைக் கழற்றினார்.

"அம்மா, மேல உள்ளது பரவால்ல, கீழதான் முடிஞ்சு போச்சு" என்று கையில் கொடுத்தார். மேல் பேரிங் எண்ணெயில் நனைந்திருந்தது. கீழே உள்ளதை எண்ணெய் எட்டவே இல்லை. கடல் காற்றில் குண்டுகள் துருவேறி, விரலால் சுற்றும்போதே மணல் அரைபடுவதுபோல் இருந்தது. அவர் இரண்டையுமே மாற்றினார். ஒரே அளவு ஓடிய இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றதற்காகச் சீக்கிரமே திரும்பவும் கழற்ற வேண்டியிருக்கும்.

புதிய பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் ஒரு குழாயை வைத்துத் தட்டினார். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் அடி குண்டுகள் வழியாக இறங்கிப் பாதையில் பள்ளம் போடும். மாற்றிய அன்றே ஃபேன் சத்தம் போடுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். அலைபோல் வளைந்த மெல்லிய வாஷர் ஒன்றையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பேரிங்கை லேசாக அழுத்தி வைத்திருப்பது அது. விட்டுப்போனால் ஃபேன் 'டக் டக்' என்று தட்டும்.

கெட்ட பேரிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டினால் இந்த வேலை இவ்வளவு சுலபமாக முடியாது. உள்ளே சுழல முடியாத பேரிங், மூடியில் தான் உட்கார்ந்திருக்கும் குழிக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்து, அலுமினியத்தைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும். பிறகு புதியதை வைத்தாலும் அது கையோடு உருவிக்கொண்டு வரும். குழியின் ஓரங்களில் பஞ்ச் அடித்து இறுக்கித் தருவார்கள். அது நெடுநாள் நிற்காது. மூடி தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். காயிலும் கருகி வாடை அடித்தால் புது ஃபேன் வாங்குவதே மேல்.

ஃபேனைத் திரும்ப மாட்டும்போது, ராடையும் மோட்டாரையும் சேர்க்கும் போல்ட்டிலும் மேலே கொக்கியில் மாட்டும் போல்ட்டிலும் ஸ்பிளிட் பின் செருகி, முனையை விரித்துவிட்டார்களா என்று பாருங்கள். மாற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொறித்த எண்ணைப் புதியதோடு ஒப்பிடலாம். விரலில் மாட்டிச் சுற்றினால் உண்மையில் கெட்டிருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.