பல நெல்லினங்களை ஒப்பிடுதல்: கூடிய விளைவு இனத்தாலா, நிலத்தாலா?

கமக்காரர் ஒருவர் பழைய நெல்லினம் ஒன்றை ஒரு துண்டிலும் புதிய இனம் ஒன்றை அடுத்த துண்டிலும் செய்கை பண்ணுகிறார். புதியது அரைக் கிலோ கூடுதலாக விளைந்தால், வரும் பெரும்போகத்திற்கு அவ்வினத்தின் விதைநெல்லையே வாங்கத் தீர்மானிக்கிறார். ஆனால் ஒரே இனத்தை இரு துண்டுகளிலும் நட்டிருந்தாலும் விளைவு ஒன்றாய் இராது. மண்ணின் தடிப்பு, நீர் நின்ற ஆழம், பசளை விழுந்த விதம், எலியும் பறவையும் தின்ற அளவு ஆகியன துண்டுக்குத் துண்டு வேறுபடும். ஆகவே, கண்ட வித்தியாசம் இனத்தினால் வந்ததா, நிலத்தினால் வந்ததா என்று அறியாமல் விதை வாங்குவோர் பணத்தை வீணாக்க நேரிடலாம்.

இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு சேர்ந்த றொனால்ட் பிஷர் என்பார் இக்கேள்வியை ஆராய்ந்து, மாறற்றிறன் பகுப்பாய்வு என்னும் முறையை வகுத்தார். அதன் மிக எளிய வடிவம் ஒருவழிப் பகுப்பாய்வு ஆகும். பல இனங்களின் சராசரி விளைவுகளை ஒரே தடவையில் ஒப்பிடுவதற்கு அது பயன்படும். அம்முறையும், அதன் பின்னர் செய்யவேண்டிய சோதனைகளும் இங்கு ஓர் உதாரணத்தின் மூலம் விளக்கப்படுகின்றன. உதாரணத்திலுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்கென அமைக்கப்பட்டவையாகும்.

பரீட்சையை அமைத்தல்

அ என்பது கமக்காரர் இதுவரை செய்கை பண்ணிய பழைய இனம். ஆ, இ, ஈ என்பன புதியவை. இவற்றுள் ஆ இனத்தின் விதைநெல் அயலவரிடம் கிடைக்கும். இ இனத்தினதைப் பணம் கொடுத்தே வாங்கவேண்டும். ஒரே தன்மையான வயலொன்றில், அறுவடைக்கென 10 சதுர மீற்றர் கொண்ட 20 துண்டுகள் அளக்கப்படுகின்றன. ஒவ்வோர் இனத்திற்கும் 5 துண்டுகள் உரியன. எத்துண்டில் எவ்வினம் என்பதைச் சீட்டுப் போட்டே தீர்மானித்தல் வேண்டும். கமக்காரர் தாமே தெரிந்தால், நல்ல நிலம் தம்மையறியாமலே புதிய இனத்திற்குப் போய்ச் சேரும்; அத்தவற்றைப் பின்னர் எக்கணக்கினாலும் திருத்த இயலாது.

நாற்றின் வயது, இடைவெளி, பசளை, நீர் யாவும் எல்லாத் துண்டுகளுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஓரங்களில் நிற்கும் பயிர் கூடுதலான ஒளியைப் பெறுவதால், ஓர வரிசைகளை அளந்த பரப்பினுள் சேர்த்தலாகாது. சூடடித்துத் தூற்றிப் பதர் நீக்கிய நெல்லை, 14 சதவீத ஈரப்பதனுக்குக் காயவிட்ட பின்னரே நிறுத்தல் வேண்டும்.

நிறுத்த விளைவு, துண்டொன்றுக்குக் கிலோவில் பின்வருமாறு:

அ: 4.2, 4.6, 4.0, 4.4, 4.3 — சராசரி 4.3
ஆ: 4.6, 4.2, 4.8, 4.4, 4.5 — சராசரி 4.5
இ: 5.1, 4.7, 5.2, 4.8, 4.7 — சராசரி 4.9
ஈ: 4.6, 4.1, 4.1, 4.4, 4.3 — சராசரி 4.3

20 துண்டுகளின் பொதுச் சராசரி 4.5 கிலோ. ஆ இனத்தின் மூன்றாம் துண்டையும் இ இனத்தின் இரண்டாம் துண்டையும் மாத்திரம் ஒருவர் பார்த்திருந்தால், ஆ இனமே மேலானதென எண்ணியிருப்பார். ஒரு துண்டை மட்டும் நம்புவதிலுள்ள ஆபத்து இதுவே.

மாறற்றிறனைக் கணித்தல்

இங்கு இருவகையான வேறுபாடுகள் உள. ஒன்று, ஒரே இனத்தின் ஐந்து துண்டுகளுக்குள் காணப்படுவது. இது நிலத்தினாலும் தற்செயலாலும் வருவது. மற்றையது, இனங்களின் சராசரிகளுக்கிடையில் காணப்படுவது. இதில் நிலத்தின் பங்கும் உண்டு. இனத்தின் பங்கு ஏதேனும் இருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒப்பிடுவதே இம்முறையின் சாரம்.

முதலாவதாக, ஒவ்வொரு துண்டின் விளைவிலிருந்தும் அவ்வினத்தின் சராசரியைக் கழித்து, வரும் மீதியை வர்க்கித்துக் கூட்டுக. அ இனத்தில் மீதிகள் -0.1, 0.3, -0.3, 0.1, 0 ஆகும். அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.20. அவ்வாறே ஆ இனத்திற்கு 0.20, இ இனத்திற்கு 0.22, ஈ இனத்திற்கு 0.18 வரும். மொத்தம் 0.80. ஒவ்வோர் இனத்திலும் 5 துண்டுகள் இருப்பினும், சராசரியை அவற்றிலிருந்தே பெற்றமையால் சுயாதீனமான மீதிகள் 4 மாத்திரமே. நான்கு இனங்களுக்கும் 16. எனவே இனத்துள்ளான மாறற்றிறன் 0.80 ÷ 16 = 0.05.

இரண்டாவதாக, ஒவ்வோர் இனத்தின் சராசரியிலிருந்தும் பொதுச் சராசரியைக் கழிக்க. மீதிகள் -0.2, 0, 0.4, -0.2 ஆகும். இவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.24. ஐந்து துண்டுகளின் சராசரியின் மாறற்றிறன் தனித் துண்டினதின் ஐந்திலொரு பங்கேயாதலால், துண்டின் அளவுக்குக் கொண்டுவர 0.24 ஐ 5 ஆற் பெருக்குக, 1.20 வரும். நான்கு சராசரிகளில் சுயாதீனமானவை 3. எனவே இனங்களுக்கிடையிலான மாறற்றிறன் 1.20 ÷ 3 = 0.40.

இனங்களிடையே வேறுபாடு எதுவும் இல்லையாயின் இவ்விரு எண்களும் ஏறத்தாழச் சமமாயிருக்கும். இங்கோ 0.40 ÷ 0.05 = 8. இவ்விகிதம் எஃப் விகிதம் எனப்படும். இனங்கள் யாவும் ஒரே தன்மையாயின், 3க்கும் 16க்கும் உரிய எஃப் விகிதம் 100 தடவைகளில் 5 தடவைகள் மாத்திரமே 3.24 ஐ விஞ்சும் என்பது அட்டவணையிலிருந்து பெறப்படும். 8 என்பது அதனிலும் மிகப் பெரிது. ஆதலால் நான்கு இனங்களும் ஒரே விளைவு தருவன என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று.

எவ்வினம் எதனின் வேறானது?

எஃப் விகிதம் இவ்வளவோடு நின்றுவிடும். எங்கோ வேறுபாடு உண்டு என்று கூறுமேயன்றி, எவ்வினத்தை வாங்குவதென்று அது கூறாது. அதற்குப் பின்சோதனை வேண்டும். எல்லாப் பின்சோதனைகளுக்கும் அடிப்படை இரு சராசரிகளின் வித்தியாசத்தின் நியம வழுவாகும். அது 2 × 0.05 ÷ 5 என்பதன் வர்க்கமூலம், அதாவது 0.141 கிலோ. இதனை எந்த எண்ணாற் பெருக்குவது என்பதிலேயே சோதனைகள் வேறுபடுகின்றன.

முதலாவது, பிஷரின் மிகக்குறைந்த கருத்துள்ள வித்தியாசம். பெருக்கும் எண் 2.12, எல்லை 0.30 கிலோ. நான்கு இனங்களுக்கு ஆறு சோடிகள் உள. ஒவ்வொரு சோடியிலும் இருபதில் ஒரு தடவை தவற இடமிருப்பதால், இனங்கள் யாவும் சமமாயிருந்தாலும் ஆறில் ஏதேனும் ஒன்று பொய்யாகத் தேறுவதற்கு ஏறத்தாழ ஐந்திலொரு வாய்ப்பு உண்டு. எஃப் விகிதம் தேறிய பின்னரே இதனைச் செய்தல் என்னும் கட்டுப்பாடு மூன்று இனங்களுக்குப் போதிய காவலாகும். நான்கு அல்லது அதற்கு மேலாயின் போதாது.

இரண்டாவது, டூக்கியின் சோதனை. ஆறு சோடிகளையும் சேர்த்து நோக்கித் தவறும் வாய்ப்பை இருபதில் ஒன்றாகக் கட்டுப்படுத்துவது இது. பெருக்கும் எண் 2.86, எல்லை 0.404 கிலோ. எல்லா இனங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட விரும்புவோர்க்கு இதுவே தக்கது.

மூன்றாவது, டனெற் என்பார் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை. பழைய இனத்தோடு மாத்திரம் புதியவற்றை ஒப்பிடுவோர்க்கு இது உரியது. மூன்று ஒப்பீடுகளே உள்ளமையால் பெருக்கும் எண் 2.59 ஆகக் குறைகிறது, எல்லை 0.37 கிலோ.

இவற்றுள் எதனைச் செய்வதென்பதை நடுகைக்கு முன்னரே தீர்மானித்துக் குறித்துவைத்தல் வேண்டும். விளைவைப் பார்த்தபின், விரும்பிய விடையைத் தரும் சோதனையைத் தெரிவது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும்.

உதாரணத்தின் முடிவு

பழைய இனத்தை மாற்றலாமா என்பதே கேள்வியாயின் டனெற்றின் சோதனை விடை தரும். இ, அ ஆகியவற்றின் வித்தியாசம் 0.6 கிலோ, எல்லையாகிய 0.37 ஐ இது விஞ்சுகிறது. ஆகவே இ இனம் பழையதிலும் மேலானதெனக் கொள்ளலாம். மெய்யான வித்தியாசம் 0.23க்கும் 0.97க்கும் இடைப்பட்டது எனலாம். ஏக்கருக்குக் கணித்தால் ஏறத்தாழ 95 முதல் 390 கிலோ. விதைநெல்லுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தைக் கமக்காரர் இவ்வெல்லைகளின் கீழ்த்தொகையோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ஆ இனத்தின் வித்தியாசம் 0.2 மாத்திரமே, ஈ இனத்திற்கு வித்தியாசமே இல்லை. இவற்றிற்காகப் பழையதைக் கைவிடக் காரணம் காணப்படவில்லை.

இ, ஆ ஆகிய இரண்டினுள் எது மேல் என்பது கேள்வியாயின் டூக்கியின் சோதனை வேண்டும். வித்தியாசம் 0.4, எல்லை 0.404. மயிரிழையில் தேறவில்லை. பிஷரின் எல்லையாகிய 0.30 ஐக் கொண்டிருந்தால் தேறியிருக்கும். தேறவில்லை என்பதற்கு இரு இனங்களும் சமம் என்று பொருளன்று. ஐந்து துண்டுகள் தீர்ப்புச் சொல்லப் போதவில்லை என்பதே பொருள். துண்டுகளின் வேறுபாடு இவ்வளவேயாயின், இனமொன்றுக்கு 10 துண்டுகள் கொண்ட பரீட்சையில் எல்லை 0.27 ஆகக் குறையும். அப்பொழுது 0.4 கிலோ வித்தியாசம் தெளிவாகத் தோன்றும்.

கணக்கு எப்பொழுது ஏமாற்றும்?

ஒரே வயலில் ஓரினத்தை மாத்திரம் நட்டு, அதில் ஐந்து இடங்களில் அறுத்து நிறுத்தால் அது ஐந்து துண்டுகளாகாது. ஐந்தும் ஒரே மண்ணையும் நீரையும் பகிர்ந்தனவாதலால் அவற்றுள் வேறுபாடு குறைந்து, எஃப் விகிதம் பொய்யாகப் பெருகும்.

வாய்க்காலோரத் துண்டுகள் நன்றாகவும் கடைமடைத் துண்டுகள் மெலிந்தும் விளையும் வயலுக்கு ஒருவழிப் பகுப்பாய்வு பொருந்தாது. அவ்வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு இனங்களையும் சீட்டுப்போட்டு நட்டு, தொகுதியின் பங்கைக் கணக்கில் வேறாக்குதல் வேண்டும்.

இம்முறை எல்லா இனங்களும் உள்ளுக்குள் ஏறத்தாழ ஒரேயளவு மாறுவன என்று கொள்கிறது. உதாரணத்தில் 0.20, 0.20, 0.22, 0.18 என வந்தமையால் குறையில்லை. ஓரினம் மாத்திரம் சாய்ந்து விழுந்தோ நோய் கண்டோ அதன் துண்டுகள் மிக ஏற்றத்தாழ்வாக விளைந்தால், 0.05 என்னும் பொது எண் எவ்வினத்திற்கும் பொருந்தாததாகிவிடும். அவ்வாறான வேளையில் வெல்ச் என்பாரின் திருத்திய எஃப் சோதனையையும், பின்சோதனையாகக் கேம்ஸ், ஹவெல் என்போரின் முறையையும் கையாளுதல் வேண்டும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், முடிவு அந்த வயலுக்கும் அந்தப் போகத்திற்குமே உரியது. பெரும்போகத்தில் தேறிய இனத்தைச் சிறுபோகத்திற்குத் தெரியுமுன், சிறுபோகத்திலும் பரீட்சித்துப் பார்த்தல் வேண்டும்.