எமோஜி விக்காது, தகவல்தான் விக்கும்!

வீடு மாறும்போது வாஷிங் மெஷினை பேஸ்புக் குரூப்ல விக்கப் போறீங்களா? நீளமான போஸ்ட்ல முதல் சில வரிகள்தான் தெரியும். அங்க "🔥🔥 சூப்பர் ஆஃபர் 🔥🔥" போட்டா, விலை மறைஞ்சிடும்.

இப்படி எழுதுங்க:

6.5 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷின், ₹7,000

📅 வாங்கியது 2021
🔧 டிரெயின் பைப் மாத்தணும்
📍 வேளச்சேரி, 2வது மாடி, லிஃப்ட் இல்ல

முதல் வரியில பொருளும் விலையும். அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, வரிக்கு ஒரு தகவல், ஒரு எமோஜி. குறையைத் தனி வரியில சொல்லிட்டா, வாசல்ல வந்து நின்னு ஆயிரம் ரூபா குறைக்கச் சொல்ல மாட்டாங்க.

வாட்ஸ்அப்ல *விலை*னு போட்டா எழுத்து தடிமனாகும். அதையே காப்பி பண்ணி பேஸ்புக்ல போட்டா, ஸ்டார் அப்படியே நிக்கும், எடுத்துடுங்க.

கடைசியா, எமோஜி எல்லாத்தையும் நீக்கிட்டுப் படிங்க. அப்பவும் புரிஞ்சா போஸ்ட் பண்ணலாம்.