கவனம் பிள்ளையள்! சோதனையில் பாஸ் பண்ணியதை நம்பி அறுபது வேலை அனுப்பாதீர்கள்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்துதான் தங்கச்சி இந்தச் சின்ன ஒன்லைன் வேலைகளைச் செய்கிறாள். கடைப் பில் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்றுக்குத் தகுதிச் சோதனை வைத்தார்கள். பத்துக் கேள்வி, பத்தும் சரி. அந்தச் சந்தோசத்தில் ஒரே இரவில் 60 பில் முடித்து அனுப்பிவிட்டாள். நாலாம் நாள் அறுபதும் நிராகரிப்பு.

பிழை ஒன்றே ஒன்று. சோதனையில் கடைப் பெயரும் மொத்தத் தொகையும் மட்டும்தான் கேட்டார்கள். வேலையில் திகதியும் இருந்தது. `MM/DD/YYYY` என்று அறிவுறுத்தலின் அடியில் ஒரு வரி. யூலை 4ஐ எங்கள் வழக்கப்படி 04/07 என்று அடித்திருக்கிறாள். ஒரு பிழை அறுபது தரம் பெருகிவிட்டது.

காசு போனது சின்ன நட்டம். அதற்கு முன் அவள் அனுப்பியவை 400, நிராகரிப்பு 4, அங்கீகார வீதம் 99. இப்போது 460இல் 64 நிராகரிப்பு, வீதம் 86. நல்ல வேலைகளுக்குப் பலர் 95 கேட்கிறார்கள், சிலர் 98. மறுபடி 95ஐத் தொட, இனி ஒரு பிழையும் விடாமல் 820 வேலை செய்யவேண்டும். அதையும் குறைந்த காசு வேலைகளில்தான் செய்யவேண்டும், மற்றவை அவளுக்குத் திறக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்னும் கவனம். அமேசானின் மெக்கானிக்கல் டர்க்கில் முதல் 100 வேலை அனுப்பும்வரை வீதம் 100 என்றே கணக்கில் நிற்கும். உண்மை வீதம் அதற்குப் பிறகுதான் வெளியில் வரும்.

ஆகவே, வேலை கொடுப்பவர் உங்களுக்குப் புது ஆள் என்றால் ஐந்து மட்டும் அனுப்புங்கள். அவை அங்கீகரிக்கப்படும்வரை ஆறாவதைத் தொடவேண்டாம். மெக்கானிக்கல் டர்க்கில் முடிவு சொல்ல 30 நாள்வரை எடுக்கலாம், காத்திருக்கத்தான் வேணும். அதற்குள் வேலை தீர்ந்துபோனால் போகட்டும். பாதியில் சந்தேகம் வந்தால் `Submit` அழுத்தாமல் `Return` கொடுத்துவிடுங்கள். அங்கே அது அங்கீகார வீதத்தைத் தொடாது. சோதனை விடைகளை வட்ஸ்அப் குழுவில் வாங்கி எழுதுகிற தம்பிமாரே, சோதனையைத் தாண்டியபின் வருகிற வேலையை யார் செய்து தரப்போகிறார்கள்?

நிராகரிப்பு வந்துவிட்டால் அன்றைக்கே எழுதுங்கள். மெக்கானிக்கல் டர்க்கில் வேலை கொடுத்தவர் நினைத்தால் நிராகரிப்பை மாற்றலாம், ஆனால் நீங்கள் அனுப்பி 30 நாளுக்குள். சண்டை வேண்டாம். உங்கள் இலக்கம், வேலை இலக்கம், நடந்த பிழை, திருத்தித் தரத் தயார் என்ற ஒரு வரி போதும். தங்கச்சி அழுதுகொண்டிருந்து இரண்டு கிழமை கழித்துத்தான் எழுதினாள். அதற்குள் அந்த ஆள் வேலையையே மூடிவிட்டுப் போய்விட்டார்.