பாக்கிக்கு ஒரு தேதி

“லோடு போன இடத்துல இருந்து பணம் வரட்டும், அடுத்த நாளே தர்றேன்.” சரக்கை ஏற்றிவிட்டுப் பாக்கிக்கு அலையும் விவசாயி அடிக்கடி கேட்கும் பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நாள் எதுவும் கிடையாது. நாள் சொல்லாதவரை வியாபாரி வாக்குத் தவறியதாகவும் ஆகாது. அதனால் பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தில் கோபத்தைக் கொட்டுவதைவிட, இன்ன தொகையை இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று அவரிடமிருந்து எழுத்தில் வாங்குவதுதான் முக்கியம்.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வியாபாரி காட்டுக்கே வந்து பட்டறையைப் பிரித்துப் பார்த்து, கிலோ 35 ரூபாய் என்று பேசி முடிக்கிறார். 2025 பிப்ரவரி 14 அன்று 80 மூட்டை எடை போடப்படுகிறது. மொத்தம் 4,080 கிலோ. சாக்குக்கு மூட்டைக்கு ஒரு கிலோ கழித்தால் 4,000 கிலோ. விலை 1,40,000 ரூபாய். ஏற்றுக்கூலி மூட்டைக்கு 15 ரூபாய் விவசாயி பொறுப்பு என்று பேச்சு, அதில் 1,200 ரூபாய் போகிறது. வரவேண்டியது 1,38,800. அன்றைக்கே கையில் 30,000, மார்ச் 3-ம் தேதி வங்கிக் கணக்கில் 25,000 வந்துவிட்டது. மீதி 83,800 ரூபாய்.

பேசியபடி மீதி பத்து நாளில் வரவேண்டும், வரவில்லை. மே மாதம் போனில் புதிதாக ஒன்று சொல்கிறார்: “பாதி சரக்கு அழுகிப் போச்சு, கிலோவுக்கு நாலு ரூபா கழிச்சுத்தான் தர முடியும்.” அதாவது 16,000 ரூபாய் வெட்டு. பல விவசாயிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒன்று, அழுகல் கதையைப் பற்றி மட்டுமே நாலு பக்கம் சண்டை போட்டு எழுதுவார்கள். இல்லையென்றால், வந்தவரை போதும் என்று குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு, ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் மீதி 16,000-ஐக் கேட்பது மிகவும் கடினம்.

கடிதத்தில் இரண்டையும் பிரித்து வைப்பதே சரி. வெட்டு போக மீதமுள்ள 67,800 ரூபாயில் வியாபாரிக்கே தகராறு இல்லை. அதை நிறுத்தி வைக்க அவரிடம் காரணமும் இல்லை. ஆகவே அதற்கு ஒரு தேதி, தகராறுள்ள 16,000-க்குத் தனியாக ஒரு கேள்வி. அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, வணக்கம். 14.2.2025 அன்று என் காட்டில் தாங்கள் நேரில் பார்த்து விலைக்கு எடுத்த சின்ன வெங்காயம் 80 மூட்டை, சாக்கு நீக்கி 4,000 கிலோ. கிலோ 35 ரூபாய் வீதம் 1,40,000 ரூபாய். ஏற்றுக்கூலி 1,200 போக எனக்கு வரவேண்டியது 1,38,800. இதுவரை பெற்றது 55,000. பாக்கி 83,800. பத்து நாளில் தருவதாகப் பேசியிருந்தோம்.

அழுகல் காரணமாக 16,000 ரூபாய் கழிக்கப்போவதாகப் போனில் சொன்னீர்கள். அதை நான் ஏற்கவில்லை. எந்தத் தேதியில், எத்தனை மூட்டை, எந்த இடத்தில் கழிக்கப்பட்டது என்ற விவரத்தைச் சீட்டுடன் அனுப்புங்கள், பேசிக்கொள்ளலாம். தகராறில்லாத 67,800 ரூபாயை 10.7.2025-க்குள் என் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே தடவையாக முடியாவிட்டால் 10.7.2025-ல் பாதி, 31.7.2025-ல் பாதி என்றாலும் சம்மதம். எது தோதோ அதைக் கையெழுத்திட்டுப் பதில் எழுதுங்கள். இத்தேதிகள் தவறினால் இக்கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கோருவேன்.”

கீழே ஊர், தேதி, கையெழுத்து, வங்கிக் கணக்கு விவரம். எடைச்சீட்டின் நகலையும் வங்கிப் புத்தகத்தில் 25,000 வரவு விழுந்த பக்கத்தின் நகலையும் இணைக்கவேண்டும். மூலச் சீட்டை எக்காரணம் கொண்டும் அனுப்பிவிடக்கூடாது. ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, ரசீதையும் கடித நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். வட்டி பற்றிய கடைசி வரி வெறும் மிரட்டல் அல்ல. வட்டி என்று முன்பே பேசாத பாக்கிக்கும், வட்டி கேட்டு எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து வட்டி தர நீதிமன்றத்துக்கு 1978-ம் ஆண்டு வட்டிச் சட்டம் இடம் தருகிறது. போலீஸ், பத்திரிகை என்ற பேச்சை மட்டும் கடிதத்தில் சேர்க்கவே கூடாது. அடுத்த வெள்ளாமைக்கும் அதே வியாபாரிதான் காட்டுக்கு வருவார் என்பது ஒருபுறம். கொடுக்கல் வாங்கல் பாக்கியை உரிமையியல் விவகாரம் என்று காவல் நிலையமே பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும் என்பது இன்னொருபுறம்.

கடிதத்தில் ‘விலைக்கு எடுத்த’ என்று எழுதியதைக் கவனியுங்கள். வியாபாரி சரக்கைத் தன் சொந்தப் பொறுப்பில் வாங்கியிருந்தால், அவரிடம் வாங்கியவர் பணம் அனுப்பினாரா இல்லையா என்பது அவர் பாடு. விவசாயிக்குத் தர வேண்டியதை அதைச் சொல்லி நிறுத்த முடியாது. பட்டறையைப் பிரித்துப் பார்த்து ஏற்றிச் சென்ற சரக்கு வழியில் கெட்டாலும், வேறு பேச்சு இல்லாதவரை நஷ்டம் பொதுவாக வாங்கியவரைச் சேரும். ஒட்டன்சத்திரம் போன்ற இடங்களில் மண்டிக்கு அனுப்பி, கமிஷனுக்கு விற்றுத் தரச் சொல்லியிருந்தால் கதை வேறு. அங்கே கமிஷன்காரர் உங்கள் சார்பில் விற்பவர். கேட்டால் கணக்குக் காட்டுவதும், உங்கள் பேரில் வசூலித்ததைக் கமிஷனும் செலவும் போக ஒப்படைப்பதும் ஒப்பந்தச் சட்டப்படி அவர் கடமை. அப்போது கடிதத்தின் முதல் கோரிக்கையே, எந்த நாளில் என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு வசூலானது என்ற பட்டியலாக இருக்கவேண்டும். இரண்டையும் குழப்பி எழுதினால் எதிராளிக்கு நழுவ வழி கிடைக்கும்.

தேதியுடன் கையெழுத்துப் பதிலுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காலக்கெடுவும் ஒரு காரணம். விற்ற பொருளின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். தவணை பேசாத விற்பனையில் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும் அது ஓடும். நம் கணக்கில் பத்து நாள் தவணை இருப்பதால் 2025 பிப்ரவரி 24-லிருந்து. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் வியாபாரி “இவ்வளவு பாக்கி உண்டு” என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். கணக்கில் அவ்வப்போது ஐந்தாயிரம், பத்தாயிரம் விழுகிறதே என்று நம்பி இருந்துவிடக்கூடாது. பணம் கட்டியதற்கு அவர் கைப்பட எழுதியதோ கையெழுத்திட்டதோ இருந்தால்தான் அது காலக்கெடுவை நீட்டும். வாட்ஸாப்பில் வரும் “அடுத்த மாசம் தர்றேன்” சாட்சியாகப் பயன்படும், அழிக்கவேண்டாம். ஆனாலும் காகிதத்துக்கு உள்ள பலம் அதற்கு இல்லை.

தேதி கடந்தும் பதில் இல்லையென்றால் நேராக வழக்குக்குப் போக வேண்டியதில்லை. அந்த வியாபாரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உரிமம் பெற்று அங்கே வாங்கியவராக இருந்தால், விற்பனைக்கூட அதிகாரியிடம் கடித நகலோடு முறையிடலாம். காட்டில் நடந்த வியாபாரமானால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்கு போடும் முன்பே சமரசத்துக்கு அழைக்கச் சொல்லலாம். லோக் அதாலத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு தேதி குறித்தால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. தவறினால் நிறைவேற்று மனு போடலாம்.

சில வியாபாரிகள் கடிதம் கிடைத்ததும் பின் தேதியிட்ட காசோலையை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளலாம். அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் வியாபாரிக்கு எழுத்தில் அறிவிப்பு போகவேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும். “கொஞ்சம் பொறுங்க, மறுபடி போடலாம்” என்று வியாபாரி தள்ளிப்போடும் வாரங்களில்தான் இந்த 30 நாள் பெரும்பாலும் தவறிப்போகிறது.