தேக்கி வைப்பதா, துரத்திப் பிடிப்பதா?

சிவகாசியில் தீபாவளிப் பட்டாசை தீபாவளிக்கு முந்தின மாதத்தில் செய்வதில்லை. போன தீபாவளி முடிந்து, ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடந்து, பூஜை போட்டுத் திறந்ததிலிருந்தே அடுத்த தீபாவளிக்கான வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதே ஊரில் காலண்டர் அச்சகங்களின் போக்கு வேறு. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் வாங்கத் தொடங்குவார்கள். எந்திரங்கள் ஓய்வில்லாமல் சுழல்வதோ வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான்.

இரண்டுமே வருடத்தில் ஒரு முறை விற்கும் சரக்கு. ஆனால் ஒன்று வருடம் முழுக்க ஒரே வேகத்தில் செய்து தேக்கப்படுகிறது, மற்றொன்று கேட்பு வரும்போது வேகத்தைக் கூட்டி அதைத் துரத்துகிறது. பெரிய நிறுவனங்களில் விற்பனை, உற்பத்தி, நிதி மூன்று துறையும் மாதந்தோறும் உட்கார்ந்து திட்டமிடும் கூட்டத்தில் அடிக்கடி மல்லுக்கட்டுவது இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்.

பட்டாசுக்கு வேறு வழியில்லை. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று உரிமத்திலேயே வரம்பு இருக்கிறது. செய்ததை வெயிலில் காயவைக்க வேண்டும், மழை பெய்தால் வேலை நின்றுவிடும். சீசன் வந்துவிட்டது என்று நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தால் அது உற்பத்திப் பெருக்கம் அல்ல, விபத்துக்கு அழைப்பு. ஆகவே தேக்கித்தான் ஆக வேண்டும்.

தேக்கியவர் தலையில் என்ன விழும் என்பதையும் பட்டாசே காட்டியிருக்கிறது. 2017 அக்டோபர் 9 அன்று, தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் அந்த மாத இறுதி வரை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 23-ல் சரவெடிக்கும் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் தடை வந்தது. அதற்குள் அந்த சீசனுக்கான சரக்கு முழுவதும் செய்து முடிந்திருந்தது. தேக்கும் வழியில் கேட்பு பற்றிய எல்லா ஊகமும் குடோனில் பணமாக உட்கார்ந்திருக்கும். ஊகம் பொய்த்தால் பணமும் போகும்.

காலண்டர் இதற்கு நேரெதிர். அட்டையில் கடைக்காரர் பெயர் ஏற வேண்டும், அந்தப் பெயர் ஆர்டர் வரும்வரை யாருக்கும் தெரியாது. தேதித் தாளோ அரசு விடுமுறைப் பட்டியலுக்காகக் காத்திருக்கும். ஜனவரி பிறந்ததும் மீந்த காலண்டர் பழைய பேப்பர் விலைக்குப் போகும். தேக்க முடியாத சரக்கைத் துரத்தித்தான் ஆக வேண்டும்.

உண்மையான தலைவலி, இரண்டு வழியும் திறந்திருக்கும் சரக்கில்தான். அதே சிவகாசியில் தயாராகும் பள்ளி நோட்டுகளை எடுத்துக்கொள்வோம். நோட்டு கெட்டுப்போகாது, நனையாமலும் கரையான் ஏறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். எந்திரத்தை இரவிலும் ஓட்டலாம். தேக்கலாம், துரத்தவும் செய்யலாம். அப்படியானால் எது லாபம்?

ஒரு கற்பனை ஆலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 24 லட்சம் நோட்டு விற்கிறது. பள்ளி திறக்கும் பரபரப்பு அடங்கிய ஜூலையிலிருந்து கணக்கைத் தொடங்கினால் முதல் மூன்று மாதத்தில் 3 லட்சம், அடுத்த மூன்று மாதத்தில் 3 லட்சம், ஜனவரி முதல் மார்ச் வரை 6 லட்சம், ஏப்ரல் முதல் ஜூன் வரை 12 லட்சம். ஒரு ஆளுக்கு மாதம் 10,000 நோட்டு தேறும். எந்திரங்கள் ஒரு ஷிப்டுக்கு 20 பேருக்கு வேலை கொடுக்கும். ஒரு நோட்டின் அடக்க விலை 20 ரூபாய்.

முதலில் தேக்கும் வழி. வருடம் முழுக்க 20 பேர், காலாண்டுக்கு 6 லட்சம் நோட்டு. செப்டம்பர் கடைசியில் குடோனில் 3 லட்சம் சேர்ந்திருக்கும், டிசம்பரில் 6 லட்சம், மார்ச்சிலும் 6 லட்சம், ஜூன் முடியும்போது காலி. உச்சத்தில் முடங்கும் பணம் 1 கோடியே 20 லட்சம். வங்கி வட்டி, குடோன் வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 16 சதவீதம் என்று வைத்தால், ஒரு நோட்டை ஒரு வருடம் வைத்திருக்க 3 ரூபாய் 20 காசு ஆகிறது. வருட சராசரி இருப்பு 3.75 லட்சம் நோட்டு. செலவு 12 லட்சம் ரூபாய்.

இனி துரத்தும் வழி. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 10 பேர் போதும். ஜனவரியில் 20 பேர், ஏப்ரலில் இரவு ஷிப்டும் சேர்த்து 40 பேர், ஜூலையில் மறுபடி 10. கூட்டிக் கழித்தால் அடிப்படைக் கூலி இரண்டு வழியிலும் ஒன்றுதான். கூடுதலாக 30 பேரைச் சேர்த்துப் பழக்க ஆளுக்கு 6,000 ரூபாய், கணக்குத் தீர்த்து அனுப்ப 4,000 ரூபாய் என்றால் 3 லட்சம். மாதக் கூலி 15,000 என்றும் இரவுக்கு அதில் பாதி கூடுதல் என்றும் கொண்டால், 20 பேருக்கு மூன்று மாதத்துக்கு 4.5 லட்சம். ஆக மொத்தம் 7.5 லட்சம்.

கணக்கில் துரத்தும் வழி 4.5 லட்சம் ரூபாய் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. காரணம் காகிதம். நோட்டின் விலையில் பெரும்பகுதி காகிதத்தில்தான் போகிறது. அதை வாங்கி, நோட்டாக்கி, ஆறு மாதம் சும்மா வைத்திருப்பதற்குத்தான் வட்டி கட்டுகிறோம். மூலப்பொருள் செலவு மிகுந்த சரக்கைத் தேக்குவது எப்போதுமே கையைக் கடிக்கும். நிதித் துறைக்காரர்கள் இந்த இடத்திலேயே கூட்டத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள்.

முடிக்க விடக்கூடாது. நோட்டுக்கு 3 ரூபாய் லாபம் என்றால், மிச்சப்படுத்திய 4.5 லட்சம் என்பது 1.5 லட்சம் நோட்டின் லாபம். சீசனில் 90 நாளில் 12 லட்சம் நோட்டு செய்ய வேண்டிய ஆலைக்கு அது ஏறக்குறைய 11 நாள் வேலை. ரீல் வரத் தாமதம், கட்டிங் எந்திரம் பழுது, சேர்த்த ஆளில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே நின்றுவிடுவது என்று சீசனில் 11 நாள் வீணானால் மிச்சம் பூராவும் போயிற்று. ஜூனில் நோட்டு கிடைக்காத பெற்றோர் ஆகஸ்ட் வரை நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, கோடையில் கூடுதலாக 20 பேரைத் தேடும்போது பட்டாசு ஆலைகளுக்கும் ஆள் தேவைப்படும் காலமாக அது இருக்கும்.

ஆள் மாற்றும் செலவை ஆளுக்கு 10,000 என்று நேர்கோட்டில் பெருக்கியதிலேயே ஒரு பொய் இருக்கிறது. ஐந்து பேரைச் சேர்க்க, இருப்பவர்களிடம் சொல்லிவைத்தால் தெரிந்தவர்களைக் கூட்டி வந்துவிடுவார்கள். இருபது பேர் என்றால் ஏஜெண்டு வேண்டும், வேன் வேண்டும், பழக்கிவிட மேஸ்திரி வேண்டும், வீணாகும் தாளும் குவியும். அமெரிக்காவின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் ஹோல்ட், மோடிகிலியானி, மூத், சைமன் என்ற நால்வர் 1950-களில் ஒரு பெயின்ட் ஆலையை ஆராய்ந்து, இந்தச் செலவுகளை வர்க்கமாகவே கணக்கில் வைத்தார்கள். மாற்றம் இரட்டிப்பானால் செலவு நான்கு மடங்கு. இருப்பு இலக்கிலிருந்து விலகுவதற்கும் அதே கணக்குத்தான். அப்படி வைத்தால் இரண்டு கோடியும் தோற்கும், கேட்பு ஏறுவதில் ஒரு பங்கை உற்பத்தியும் மறு பங்கை இருப்பும் தாங்கும் நடுவழி ஜெயிக்கும். அந்த நால்வரில் சைமனும் மோடிகிலியானியும் பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் ஆலைக்கு நடுவழி இப்படி அமையும். ஜூலை முதல் டிசம்பர் வரை 15 பேர், காலாண்டுக்கு 4.5 லட்சம் நோட்டு. ஜனவரியில் 20 பேர், 6 லட்சம். ஏப்ரலில் 10 பேருடன் சின்னதாக ஒரு இரவு ஷிப்ட் சேர்த்து 9 லட்சம். குடோனில் உச்ச இருப்பு 3 லட்சம்தான். பழைய நேர்கோட்டு விலையிலேயே போட்டால் செலவு 9.75 லட்சம், சரியாக நடுவில். துரத்துவதைவிட இரண்டேகால் லட்சம் கூடுதல். அந்தப் பணத்துக்கு மார்ச் கடைசியிலேயே 3 லட்சம் நோட்டு கையில் இருக்கிறது, இரவில் பாதி எந்திரம் அவசரத்துக்குக் காலியாக இருக்கிறது. நான் முதலாளியாக இருந்தால் இதைக் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

எதைத் தேக்குவது என்பதும் முக்கியம். பள்ளியின் பெயர் அச்சிட்ட அட்டை போடும் நோட்டை முன்கூட்டிச் செய்தால் காலண்டரின் கதிதான். அந்தப் பள்ளி வேறு ஆலைக்குப் போய்விட்டால் யாருக்கு விற்பது? கடையில் விற்கும் பொது அட்டை நோட்டையும், கோடு போட்டு எண்ணி வைத்த உள்தாளையும் தேக்கலாம். பள்ளி அட்டையை ஆர்டர் வந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

திட்டம் தடம் புரள்வதை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனையைப் பார்த்து அல்ல, இருப்பைப் பார்த்து. நடுவழித் திட்டப்படி டிசம்பர் கடைசியில் குடோனில் 3 லட்சம் இருக்க வேண்டும். நாலேகால் லட்சம் இருந்தால் கேட்பு படுத்திருக்கிறது, ஜனவரியில் ஆள் சேர்ப்பதைத் தள்ளிப்போட வேண்டும். ஒன்றரை லட்சம்தான் இருந்தால் சீசன் முன்கூட்டியே வந்துவிட்டது அல்லது எங்கோ உற்பத்தி குறைகிறது. ஒரு மாத ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஆடக் கூடாது, இரண்டு மாதம் ஒரே பக்கம் சாய்ந்தால் அசைய வேண்டும். துரத்தும் ஆலையில் இருப்பு எதுவும் சொல்லாது. அங்கே கழிவுத் தாளின் எடையும் தாமதமான டெலிவரியும்தான் முதலில் ஏறும்.

இந்த ஆலைக்காரர் மறக்கக் கூடாத தேதி ஒன்று உண்டு. கோடையில் இரவு ஷிப்டுக்கு அந்தப் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஆயுத பூஜைக்கு முன் தெரிந்து, அக்டோபரிலேயே 20 பேரை வைத்து ஓட்டினால் சீசனில் பற்றாக்குறை 1.5 லட்சம் நோட்டு. அதையே புத்தாண்டில் தெரிந்துகொண்டால் பற்றாக்குறை 3 லட்சம், இழப்பு 9 லட்சம் ரூபாய்.