"சரிபாதி" என்று எழுதும் முன்

கோவையில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மூவர், மண்ணின் ஈரத்தைப் பார்த்து பம்ப்செட்டைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பம்ப் கம்பெனி ஒன்று அதைத் தயாரித்து விற்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி எழுதும் முன்மொழிவில், "காப்புரிமை இருவருக்கும் சரிபாதி" என்ற வரி எளிதாக இடம்பிடித்துவிடும். என் கருத்தில், முதலில் அடிக்க வேண்டிய வரி அதுதான்.

காரணம், 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, கூட்டு உரிமையாளர் எவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமலே அந்தக் கண்டுபிடிப்பைத் தயாரித்து விற்கலாம். மற்றவர் சம்மதமின்றி வெளியாருக்கு லைசென்ஸ் மட்டும் தர முடியாது. தொழிற்சாலை கம்பெனியிடம் இருக்கிறது. கல்லூரியிடம் இருப்பது ஆய்வகம். கம்பெனி விற்றுக்கொண்டே இருக்கும். கல்லூரி வேறொருவரிடம் போகவும் வழியில்லை.

அதனால் உரிமை கல்லூரியிடமே இருக்கட்டும். கம்பெனிக்கு விவசாயப் பம்ப்செட்டுக்கு மட்டும், ஐந்தாண்டுக்குத் தனி லைசென்ஸ் தரலாம். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. மாணவர்கள் கல்லூரியின் ஊழியர்கள் அல்லர். அவர்கள் உரிமையை எழுத்து மூலம் கல்லூரிக்கு மாற்றித் தராவிட்டால், கல்லூரி தன்னிடம் இல்லாததைத்தான் லைசென்ஸ் கொடுக்கிறது. கண்டுபிடித்தவர்கள் என்று மூவர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். "லாபத்தில் 10 சதவீதம்" என்றால் நிறையக் கிடைக்கும்போலத் தோன்றும். முதல் ஆண்டில் அச்சுவார்ப்பு, சோதனை, விளம்பரம் எல்லாம் கழிந்தபின் லாபமே இல்லை என்று கணக்கு வரலாம். விற்பனைத் தொகையில் 3 சதவீதம் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக 4,000 ரூபாய்க்கு 500 கருவிகள் விற்றால் 20 லட்சம்; ராயல்டி 60,000. அதில் 60 சதவீதம் மாணவர்களுக்கு என்று வைத்தால், ஆளுக்கு 12,000 ரூபாய்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாங்கினால் கருவி இலவசம் என்று கம்பெனி விற்றால், கருவியின் விற்பனைத் தொகை பூஜ்யம். எனவே "எப்படி விற்றாலும் ஒரு கருவிக்குக் குறைந்தது 100 ரூபாய்" என்று சேர்க்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் சந்தைக்கு வராவிட்டால் லைசென்ஸ் ரத்து என்பதும் அவசியம். இல்லாவிட்டால் போட்டியாளர் கைக்குப் போகாமல் தடுக்கவே கம்பெனி அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடக்கூடும்.

இவ்வளவும் நிற்பது காப்புரிமை கிடைத்தால்தான். கல்லூரிக் கண்காட்சியில் எல்லோருக்கும் விளக்கிக் காட்டியபின் விண்ணப்பித்தால், அது புதியதல்ல என்று நிராகரிக்கப்படலாம். தற்காலிக விவரக்குறிப்பை முதலில் தாக்கல் செய்தால், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு. முன்மொழிவை அந்த விண்ணப்ப எண்ணோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். எண் வரும்வரை, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் சர்க்யூட் படத்தைக் காட்டக் கூடாது.